சிவராத்திரிக் கண்விழிப்புக்கு நாற்பது பேருக்கு என்ன கொடுக்கலாம்? முதல்முறை பொறுப்பேற்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மாசி மாதத் தேய்பிறைச் சதுர்த்தசி நெருங்கிவிட்டால் திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, காலடிப்பேட்டைப் பக்கமெல்லாம் ஒரே கேள்விதான் கேட்கும்: "ராத்திரி சாப்பாட்டை யாரு பாத்துக்கிறாங்க?" தெருக்கோயில் சிவனுக்கு ஒரு காலத்து அபிஷேக உபயம் எடுத்திருப்பீர்கள். சொந்தக்காரர்கள், அக்கம்பக்கத்தார், கூட வேலை செய்பவர்கள் என்று நாற்பது பேர் வருவதாகச் சொல்லியிருப்பார்கள். பூஜையை குருக்கள் பார்த்துக்கொள்வார். வந்தவர்கள் விடியும்வரை தூங்காமல், பசிக்காமல், வயிறு கெடாமல் உட்கார்ந்திருப்பது உங்கள் பொறுப்பு.

முதன்முறை செய்பவர்கள் இதை ஒரு விருந்தாக நினைத்துக்கொண்டு திட்டம் போடுகிறார்கள். எட்டரை மணிக்கு வயிறு முட்ட ஒரு டிபன், நடுராத்திரிக்கு ஒரு சர்க்கரைப் பொங்கல், அதோடு முடிந்தது. இரண்டு மணிக்குப் பாதிப் பேர் தூணில் சாய்ந்திருப்பார்கள். சாப்பாடு போதவில்லை என்று அப்படி ஆவதில்லை. எந்த நேரத்தில் எது கொடுப்பது என்பது தலைகீழாகிவிட்டது, அவ்வளவுதான்.

முதலில் பூஜை நேரத்தைக் கேளுங்கள், மெனுவை அல்ல

நான்கு காலமும் எப்போது தொடங்கும், ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம் நடக்கும் என்று ஒரு வாரம் முன்னாலேயே குருக்களிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கோயிலுக்குக் கோயில் நேரம் மாறும். இங்கே ஒரு சின்னக் கோயிலின் கணக்கை எடுத்துக்கொள்வோம். முதல் காலம் ஏழு மணிக்கு, இரண்டாவது பத்துக்கு, மூன்றாவது பன்னிரண்டரைக்கு, நான்காவது நாலு மணிக்கு. ஒவ்வொரு அபிஷேகமும் அலங்காரம், தீபாராதனையோடு ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம்.

இதை ஒரு தாளில் எழுதிப் பார்த்தால், யாரும் சொல்லாத ஒரு விஷயம் கண்ணில் படும். எட்டேகாலில் இருந்து பத்து வரை ஒரு இடைவெளி. பதினொன்றேகாலில் இருந்து பன்னிரண்டரை வரை இன்னொன்று. அப்புறம் ஒன்றே முக்காலில் இருந்து நாலு மணி வரை இரண்டேகால் மணி நேரம் எதுவும் நடக்காது. ராத்திரியின் மிக நீளமான இடைவெளி இதுதான். மனித உடம்பு மிக மோசமாகத் தூக்கத்துக்கு இழுக்கும் நேரமும் இதேதான். உடம்புச் சூடு மிகக் குறைவாக இருப்பது பின்னிரவு மூன்று, நாலு மணியையொட்டி. ராத்திரி ஷிப்ட் பார்த்த எண்ணூர்க்காரர்கள் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள்.

ஆகவே உங்கள் முழுத் திட்டமும் அந்த இரண்டேகால் மணி நேரத்துக்காகத்தான். அதற்கு முன்னால் கொடுப்பதெல்லாம் அதைக் கெடுக்காமல் இருக்க வேண்டும்.

வருகிறவர்களை மூன்றாகப் பிரியுங்கள்

"விரதமா?" என்று பொதுவாகக் கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். ஆனால் ஒவ்வொருவர் விரதமும் வேறு. ஒரு அத்தை, "எனக்குப் பச்சைத் தண்ணி மட்டும்தாம்மா, வேற எதுவும் வேணாம்" என்பார். இன்னொருவர் பழமும் பாலும் மட்டும். பெரும்பாலானவர்கள் சோறு தவிர்த்துப் பலகாரம் சாப்பிடுவார்கள். அதிலும் அரிசியில் செய்த இட்லி ஆகும் என்பவரும் உண்டு, ஆகவே ஆகாது என்பவரும் உண்டு. அதனால் கோதுமை ரவை, கிழங்கு, பயறு என்று போய்விட்டால் வாக்குவாதமே இல்லை. வெங்காயம், பூண்டு அன்றைக்கு எதிலும் வேண்டாம்.

மூன்றாவது கூட்டம் விரதமே இருக்கக் கூடாதவர்கள். குழந்தைகள், கர்ப்பிணிகள், முக்கியமாகச் சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ போடுகிறவர்கள். இவர்களைப் போனிலேயே தனியாகக் கேட்டுவிடுங்கள். "டாக்டர்கிட்ட கேட்டீங்களா, வழக்கமான நேரத்துக்குச் சாப்பிட்டுட்டு வாங்க" என்று சொல்வதில் தப்பே இல்லை. மாத்திரையைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்தால் சர்க்கரை இறங்கிவிடும். கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, பேச்சில் குழப்பம், காரணமில்லாத எரிச்சல் இவையெல்லாம் அதற்கான அடையாளங்கள். பக்தியில் மெய்மறந்து உட்கார்ந்திருக்கிறார் என்று விட்டுவிடக் கூடாது. மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடிக்கக் கொடுத்து, கால் மணி நேரம் பாருங்கள். தெளியவில்லை என்றால் இன்னொரு முறை கொடுங்கள். தெளிந்தபிறகு ஏதாவது திடமாகச் சாப்பிட வையுங்கள். விழுங்க முடியாத அளவுக்கு மயக்கம் என்றால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-க்குப் போன் செய்யுங்கள். சர்க்கரை டப்பாவும் ஸ்பூனும் பரிமாறும் மேசையிலேயே இருக்கட்டும்.

நம்முடைய கணக்கில் நாற்பது பேரில் பத்துப் பேர் தண்ணீர் அல்லது பழம் மட்டும், முப்பது பேர் பலகாரம் என்று வைத்துக்கொள்வோம். எதையும் நாற்பதால் பெருக்கிச் செய்து மீதியைக் கட்டிக்கொண்டு அழ வேண்டியதில்லை.

எங்கே சமைப்பது, எங்கே பரிமாறுவது

கோயில் மடைப்பள்ளி நைவேத்தியத்துக்கானது. அதைக் கேட்காதீர்கள். ஐந்து நிமிட நடையில் உள்ள ஒரு வீட்டு அடுப்பு போதும். நாற்பது பேருக்கான இந்த அளவுக்குப் பெரிய சமையல்காரரோ அண்டாவோ தேவைப்படாது, ஒரு பத்து லிட்டர் குக்கரும் ஒரு பதினைந்து லிட்டர் பாத்திரமும் இருந்தால் சமாளிக்கலாம். பரிமாறுவதற்கு வெளி மண்டபமோ வாசலில் பந்தலோ வேண்டும். பிராகாரத்துக்குள் வேண்டாம். தரையில் சிந்தியது வழுக்கும், கூடவே தாளிப்பு வாசனை சன்னதிவரை போனால் தண்ணீர் விரதக்காரர்கள் பாவம். நிர்வாகத்திடம் முன்கூட்டியே இடத்தைக் காட்டி அனுமதி வாங்கிவிடுங்கள். உங்கள் ஆட்களைத் தாண்டித் தெருவுக்கே கொடுக்கப்போகிறீர்கள் என்றால் அது அன்னதானக் கணக்கில் வரும். உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவு வேண்டுமா என்றும் அவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

தட்டு, டம்ளருக்குப் பிளாஸ்டிக் பூச்சு உள்ள பேப்பர் கப், தெர்மாக்கோல் தட்டு எதையும் வாங்க வேண்டாம். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் இவற்றுக்குத் தடை. சின்னத் தொன்னை, பாக்குமட்டைத் தட்டு, வாடகைக் கடையில் எவர்சில்வர் டம்ளர் போதும். தொன்னையில் இன்னொரு லாபம் இருக்கிறது. அதன் கொள்ளளவே அளவை முடிவு செய்துவிடும். பெரிய தட்டைக் கொடுத்தால் பரிமாறுகிறவர் கை தானாக அள்ளும்.

குடிதண்ணீருக்கு ஒருவருக்கு ஒன்றேகால் லிட்டர் என்று கணக்கு வையுங்கள். நாற்பது பேருக்கு ஐம்பது லிட்டர், அதாவது இருபது லிட்டர் கேன் மூன்று. சமையலுக்குத் தனியாக இன்னும் இரண்டு. கை கழுவ, பாத்திரம் கழுவ வழக்கமான மெட்ரோ தண்ணீர். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் ஒவ்வொரு கால பூஜை முடிந்ததும் ஒரு டம்ளர் தண்ணீரைக் கையில் கொடுத்துவிடுங்கள். தண்ணீர் குறைந்தாலும் தலைவலி, அசதி வரும். அதைத் தூக்கம் என்று நினைத்து டீயைக் கொடுப்பார்கள். அப்புறம், தண்ணீரும் டீயும் இவ்வளவு போகிறது என்றால் கழிப்பறை எங்கே என்பதும் சாப்பாட்டுத் திட்டத்தில் சேர்ந்ததுதான். கோயிலில் இல்லாவிட்டால் பக்கத்தில் ஒரு வீட்டைப் பேசி வைத்து, வயதானவர்களுக்கு முதலிலேயே காட்டிவிடுங்கள். இல்லையென்றால் அவர்கள் தண்ணீரே குடிக்க மாட்டார்கள்.

எட்டரை மணி: கோதுமை ரவை உப்புமா, அரை வயிற்றுக்கு

இந்த ராத்திரியின் கனமான சாப்பாடு இதுதான். அதுவும் கனமில்லை. ஒருவருக்கு ஐம்பது கிராம் சம்பா கோதுமை ரவை. முப்பது பேருக்கு ஒன்றரை கிலோ. காரட், பீன்ஸ், பச்சைப் பட்டாணி எல்லாம் சேர்த்து ஒரு கிலோ, இஞ்சி தாராளமாக, எண்ணெய் நூற்றைம்பது மில்லிக்கு மேல் வேண்டாம். ரவையை வாசனை வரும்வரை வறுத்து, ரவை ஒரு பங்குக்குத் தண்ணீர் இரண்டரைப் பங்கு. நெய், முந்திரி எதுவும் போடாதீர்கள். கொழுப்பு சேர்ந்த சாப்பாடு வயிற்றில் நெடுநேரம் நிற்கும். வயிறு நிறைந்த மந்தம் சரியாகப் பத்து மணி அபிஷேகத்தில் கண்ணை இழுக்கும்.

ஏழரைக்குச் செய்து எட்டேகாலுக்குக் கொண்டுவந்து ஒன்பதரைக்குள் காலி செய்துவிட வேண்டும். மீந்தால் "நடுராத்திரிக்கு வச்சுக்கலாம்" என்று மூடி வைக்க ஒருவர் கட்டாயம் சொல்வார். கேட்காதீர்கள். ஈரமான உப்புமா மூடிய பாத்திரத்தில் வெதுவெதுப்பாக நாலைந்து மணி நேரம் இருந்தால் கெடத் தொடங்கும். நம் ஊர்க் கடலோரக் காற்றில் மாசி மாதத்திலும் ராத்திரி வெப்பம் இருபத்திரண்டு டிகிரியையொட்டித்தான் இருக்கிறது, அது குளிர்சாதனப் பெட்டி இல்லை. மீந்ததைச் சூடாக இருக்கும்போதே பூக்கடை அக்கா, ஆட்டோ ஸ்டாண்டு, வாட்ச்மேன் என்று கொடுத்துவிடுங்கள்.

பழம் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு இதே நேரத்தில் இரண்டு வாழைப்பழம், கொஞ்சம் கொய்யா, ஒரு டம்ளர் பால். பால் இந்த வேளையோடு சரி, அப்புறம் விடிந்தபிறகுதான்.

குழந்தைகளுக்கு ஏழு மணிக்கு முன்பே வீட்டில் இட்லி கொடுத்துக் கூட்டி வாருங்கள். பத்து மணிக்கு அவர்கள் தூங்கினால் தூங்கட்டும். ஒரு ஓரத்தில் பாயும் கொசுவலையும் போட்டு வைத்தால் அம்மாக்கள் நிம்மதியாகப் பூஜை பார்ப்பார்கள்.

பதினொன்றேகால்: சக்கரவள்ளிக் கிழங்கும் சுக்குமல்லியும்

லிங்கோத்பவ நேரம் நள்ளிரவையொட்டி வருகிறது. அப்போது யாரும் பந்தல் பக்கம் வர மாட்டார்கள், வரவும் கூடாது. அதனால் அதற்கு முன்னால் சின்னதாக ஒன்று. அவித்த சக்கரவள்ளிக் கிழங்கு இதற்கு அளந்து செய்தது மாதிரி. விரதக்காரர்களில் பெரும்பாலோர் சாப்பிடுவார்கள், வயிற்றை அடைக்காது, கையால் எடுத்துச் சாப்பிடலாம்.

ஒருவருக்கு நூறு கிராம், முப்பது பேருக்கு மூன்று கிலோ. திருவொற்றியூர் மார்க்கெட்டிலோ தண்டையார்பேட்டையிலோ வாங்கும்போது குண்டுக் கிழங்கைத் தவிர்த்து, ஒரே பருமனில் ஒல்லியாக உள்ளதைப் பொறுக்குங்கள். அப்போதுதான் எல்லாம் ஒரே நேரத்தில் வேகும். தோலில் கறுப்புப் புள்ளியாகத் துளைகள் தெரிந்தால் வண்டு குடைந்த கிழங்கு. அந்த இடத்தை மட்டும் வெட்டி எறிந்தாலும் மீதி கசக்கும். மூன்று கிலோவில் ஒன்று அப்படி இருந்தாலும் அது யார் வாயில் போகிறதோ அவர் அதை வருஷம் முழுக்கச் சொல்வார். இட்லிப் பானையில் தோலோடு ஆவியில் அரை மணி நேரம், கத்தி தடையில்லாமல் உள்ளே போனால் சரி. தண்ணீரில் போட்டு வேகவைத்தால் சொதசொதவென்று ஆகிவிடும். சூட்டோடு தோலுரித்து வட்டமாக நறுக்கி, கொஞ்சம் மிளகுத்தூளும் உப்பும் தூவுங்கள். சர்க்கரை வேண்டாம், அதிலேயே இனிப்பு இருக்கிறது.

கூடவே சுக்குமல்லிக் காபி. நாலு லிட்டர் தண்ணீருக்கு வறுத்த கொத்தமல்லி நாற்பது கிராம், சுக்கு பத்துப் பன்னிரண்டு கிராம், ஒரு டீஸ்பூன் மிளகு, நாலு ஏலக்காய், எல்லாம் கரகரப்பாகப் பொடித்தது. கருப்பட்டி முந்நூறு கிராம் போதும். கருப்பட்டியில் மண் இருக்கும், அதனால் தனியாகக் கரைத்து வடிகட்டித்தான் சேர்க்க வேண்டும். உண்மையைச் சொன்னால், சுக்குமல்லியில் தூக்கத்தை விரட்டுகிற சரக்கு எதுவும் இல்லை. பெயரில்தான் காபி. ஆனால் சூடும் காரமும் தொண்டைக்கு இதம், கடல்காற்றில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அது பெரிய விஷயம். உண்மையான டீயை இப்போதே கொடுத்து வீணாக்காமல் இருப்பதற்கும் இது ஒரு வழி.

இந்த இடத்தில் ஒரு தொல்லை வரும். யாராவது ஒரு சித்தப்பா மின்ட் தெருவில் இருந்து ஒரு பெட்டி ஜாங்கிரியும் ஒரு மூட்டை சமோசாவும் வாங்கிக்கொண்டு வந்து நிற்பார். அன்பாகத்தான் வாங்கி வந்திருக்கிறார். "காலையில பிரிக்கலாம் சித்தப்பா" என்று வாங்கி உள்ளே வைத்துவிடுங்கள். நடுராத்திரியில் எண்ணெயும் ஜீராவும் இறங்கினால் ஒரு மணி நேரம் சுறுசுறுப்பு, அப்புறம் நெஞ்செரிச்சலும் தூக்கமும் சேர்ந்து வரும். கோயில் பஞ்சாமிர்தம் ஒரு ஸ்பூன் என்றால் அது வேறு.

இரண்டு மணி: டீ. இரண்டே முக்கால்: சுண்டல்

இதுதான் இந்தத் திட்டத்தின் இதயம். வரிசையை மாற்றாதீர்கள். தேநீரில் இருக்கும் காபீன் உள்ளே போய் வேலை செய்யத் தொடங்க ஏறக்குறைய அரை மணி நேரம் ஆகும். எல்லோரும் கொட்டாவி விட்டபிறகு மூன்று மணிக்கு டீ போட்டால், அது வேலை செய்வதற்குள் கூட்டம் படுத்துவிடும். மூன்றாவது காலத் தீபாராதனை முடிந்து, எல்லோரும் இன்னும் தெளிவாக இருக்கும் இரண்டு மணிக்கே கொடுத்துவிட வேண்டும்.

டீ குடிக்கிறவர்கள் இருபத்தைந்து பேர் என்றால் தலைக்கு நூறு மில்லி, மொத்தம் இரண்டரை லிட்டர். பால் ஒரு லிட்டர், தண்ணீர் ஒன்றரை லிட்டர், தூள் ஐம்பது கிராம், இடித்த இஞ்சி, சர்க்கரை குறைவாக. முழு விரதம் இருப்பவர்கள் டீ கேட்டால் முதலில் பாதி வாழைப்பழம் சாப்பிடச் சொல்லுங்கள். காலி வயிற்றில் டீ நேராக நெஞ்செரிச்சல்தான். பெரிய பிளாஸ்க்கில் ஊற்றி வந்தால் ஒரு மணி நேரம் நன்றாக இருக்கும், அதற்குமேல் கசக்கும். பாலை மாலையே வாங்கி பிரிட்ஜில் வையுங்கள். கோயிலில் வைத்த பாக்கெட் நடுராத்திரியில் திரிந்திருக்கும்.

டீக்குப் பிறகு எல்லோரையும் எழுப்பி ஒரு நடை. நான்கைந்து தெரு தள்ளிப் பெரிய கோயில் இருந்தால் தரிசனத்துக்குப் போய் வரலாம். திருவொற்றியூர்க்காரர்களுக்குத் தியாகராஜர் கோயில் பிராகாரம் ஒன்றே போதும். கலிய நாயனார் இரவும் பகலும் விளக்கெரித்த இடம் அது. திரும்பி வரும்போது சுண்டல் தயாராக இருக்க வேண்டும்.

கொண்டைக்கடலையை இந்த ராத்திரிக்கு எடுக்காதீர்கள். நவராத்திரிக்கு அது சரி. சம்மணம் போட்டு மணிக்கணக்காக உட்காருகிறவர்களுக்கு வாயு ஏறி வயிறு உப்பும். பச்சைப்பயறு லேசு, வேகும் நேரமும் குறைவு. ஒருவருக்கு முப்பது கிராம் காய்ந்த பயறு, நாற்பது பேருக்கு ஒன்றேகால் கிலோ. தண்ணீர் விரதக்காரர்கள் சிலர் நடுராத்திரிக்கு மேல் மனம் மாறுவார்கள், அதனால் இங்கே மட்டும் முழு எண்ணிக்கைக்கே செய்யுங்கள்.

மாலை ஐந்து மணிக்கு ஊறப்போட்டு, பத்து மணிக்குத் தண்ணீரை வடித்து ஈரத்துணி போட்டு மூடுங்கள். ஊறிய தண்ணீரிலேயே நடுராத்திரிவரை விட்டால் நுரைத்துப் புளித்த வாடை வரும். ஒன்றே முக்காலுக்கு அடுப்பில் ஏற்றுங்கள். தண்ணீர் பயறுக்கு மேல் ஒரு விரல் மட்டும், குக்கரில் ஒரு விசில். பக்கத்து வீட்டில் தூங்குகிறவர்கள் மேல் இரக்கம் இருந்தால் திறந்த பாத்திரத்தில் கால் மணி நேரத்துக்குச் சற்று மேல். ஒரு பயறை எடுத்து இரண்டு விரலால் நசுக்கிப் பாருங்கள். மாவாக நசுங்க வேண்டும், ஆனால் நசுக்கும்வரை முழுசாக இருக்க வேண்டும். தோல் கழன்று தண்ணீரில் மிதந்தால் ஒரு நிமிடம் தாண்டிவிட்டது, உடனே வடிகட்டி அகலமான தாம்பாளத்தில் பரப்புங்கள். குவியலாக விட்டால் தன் சூட்டிலேயே குழைந்து கூட்டு மாதிரி ஆகிவிடும். உப்பு வெந்தபிறகு.

தாளிப்புக்குக் கடுகு, பெருங்காயம், பச்சை மிளகாய், நிறைய இஞ்சி, கறிவேப்பிலை. அடுப்பை அணைத்தபிறகு எலுமிச்சைச் சாறு அல்லது பொடியாக நறுக்கிய மாங்காய், கிடைத்தால். பீச் சுண்டலின் அந்தப் புளிப்பும் காரமும் மென்று தின்கிற வேலையும் சேர்ந்துதான் மூன்று மணிக்கு ஆளை நிமிர்த்துகிறது. தயிர்சாதமோ பொங்கலோ மெல்லாமல் இறங்கிவிடும், அதோடு ஆளும் இறங்கிவிடுவார்.

தேங்காய் விஷயத்தில் கவனம். இரண்டு காய் போதும், ஆனால் அவை இரண்டு மணி வரை உடைக்காமல் முழுக்காயாகவே இருக்கட்டும். சாயங்காலமே துருவி வைத்தால் வேலை மிச்சம்தான், ஆனால் சுண்டல் கெடுவது பெரும்பாலும் அந்தத் துருவலால்தான். துருவலை விரலால் எடுக்கும்போது பிசுபிசுவென்று ஒட்டினாலோ, நாக்கில் வைத்தால் சோப்பு மாதிரி அடித்தாலோ அதைத் தொடாதீர்கள், தேங்காயே இல்லாமல் சுண்டலைக் கொடுங்கள். யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

ஒரு தொன்னைக்கு மேல் இல்லை. இன்னொன்று கேட்பவர்களுக்கு அரைத் தொன்னை. மூன்றரைக்கு மேல் டீயும் கொடுக்காதீர்கள். காலையில் வீட்டுக்குப் போய்த் தூங்க வேண்டியவர்கள்.

சமைக்கிறவர் தூங்காமல் இருக்க வேண்டுமே

இதைப் பலர் யோசிப்பதில்லை. ஒன்றே முக்காலுக்கு அடுப்பு பற்ற வைக்க வேண்டியவரும் மனிதர்தான். இரண்டு பேர் கொண்ட இரண்டு குழுவாகப் பிரியுங்கள். உப்புமா, கிழங்கு, சுக்குமல்லி முதல் குழு, டீ, சுண்டல், காலைக் கஞ்சி இரண்டாவது குழு. இரண்டாவது குழு மதியம் சாப்பிட்டபிறகு கட்டாயம் ஒன்றரை மணி நேரம் தூங்கியிருக்க வேண்டும். சொல்லப்போனால் விருந்தாளிகளுக்கும் இதையே முன்கூட்டிச் சொல்லி அனுப்பலாம். இந்த மதியத் தூக்கம் ராத்திரி மூன்று டம்ளர் டீக்கு மேல் உதவும். சிலருக்கு அன்றைக்குப் பகலிலும் தூங்கக் கூடாது என்ற கட்டுப்பாடு உண்டு. அவர்களை வற்புறுத்த வேண்டாம், சமையல் குழுவிலும் போட வேண்டாம்.

கத்தி, கொதிக்கும் எண்ணெய் உள்ள வேலையை மூன்று மணிக்கு மேல் வைக்காதீர்கள். காய் நறுக்குவது, மிளகாய் கீறுவது, பொடிப்பது எல்லாம் மாலை ஆறு மணிக்குள் முடிந்து டப்பாவில் இருக்க வேண்டும்.

விடிந்தபிறகு: நொய்க் கஞ்சி

நான்காவது காலம் ஐந்தேகாலுக்கு முடிகிறது. குளித்துச் சாமி கும்பிட்டு விரதத்தை முடிக்க ஆறு, ஆறரை ஆகும். பகல் முழுக்கக் காய்ந்த வயிற்றில் முதலில் நெய்ப்பொங்கலும் வடையும் போடாதீர்கள். அரிசி நொய் ஒரு கிலோ, வறுத்த பாசிப்பருப்பு கால் கிலோ, கொஞ்சம் வெந்தயம், சீரகம், எட்டுப் பங்கு தண்ணீர். பதினைந்து லிட்டர் பாத்திரம் விளிம்புவரை வராமல் நாற்பது டம்ளர் தேறும். நாலரைக்கு அடுப்பில் வைத்துச் சிறு தீயில் விட்டால் ஒரு ஆள் அவ்வப்போது அடிவரை கிளறினால் போதும். பருப்பு அடிப்பிடித்தால் முழுப் பாத்திரமும் கருகல் வாடை அடிக்கும், அதனால் அந்தக் கிளறல் வேலையை நன்றாகக் கண் விழித்திருப்பவருக்கே கொடுங்கள். தொட்டுக்கொள்ள நார்த்தங்காய் ஊறுகாய் அல்லது பருப்புத் துவையல். அகத்திக்கீரையும் நெல்லிக்காயும் தேடி ஓட வேண்டாம், அவை துவாதசிப் பாரணைக்கு உரியவை.

தண்ணீர் மட்டும் குடித்து விரதம் இருந்தவர்கள் முதலில் அரை டம்ளர் வெதுவெதுப்பான கஞ்சித் தெளிவு, பத்து நிமிடம் கழித்து மீதி. சித்தப்பாவின் ஜாங்கிரிப் பெட்டியை இப்போது தாராளமாகப் பிரிக்கலாம். அபிஷேகப் பால், தயிர் ராத்திரி வாளியில் சேர்த்து வைத்ததைக் காலையில் டம்ளரில் ஊற்றிக் கொடுக்காதீர்கள். கையில் ஒரு உத்தரணி தீர்த்தம் போதும், குழந்தைகளுக்கு அதுவும் வேண்டாம்.

கஞ்சி இறங்கியதும் தூக்கம் அள்ளிக்கொண்டு வரும். வரட்டும், அதுதான் வேண்டும். ஆனால் பைக்கில் போகிறவர்களை அப்படியே அனுப்பாதீர்கள். எண்ணூர் நெடுஞ்சாலையில் விடியற்காலையிலும் கன்டெய்னர் லாரி வரிசை நிற்கும், அதற்குள் அரைத்தூக்கத்தில் வண்டி ஓட்டுவது எவ்வளவு ஆபத்து என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பாய் விரித்த மூலையில் அரை மணி நேரம் படுத்து எழுந்து போகச் சொல்லுங்கள். அல்லது வண்டியைப் பூட்டி விட்டு மெட்ரோவில் போகட்டும். 2021-இல் வண்ணாரப்பேட்டையில் இருந்து விம்கோ நகர் வரை பாதை நீண்டபிறகு, தேரடி நிலையத்தில் ஏறினால் ராயபுரம், தண்டையார்பேட்டைக்காரர்களுக்கெல்லாம் அதுவே சுலபம். முன்னாலேயே சொல்லி வைத்தால் வரும்போதே வண்டி எடுக்காமல் வருவார்கள்.

கடைசியாகப் பந்தலைக் காலி செய்யும்போது தொன்னையும் மட்டைத் தட்டும் ஒரு சாக்கில், கிழங்குத் தோலும் மீந்த உணவும் இன்னொன்றில். மாநகராட்சி வண்டிக்காரர் மக்கும் குப்பையைத் தனியாகத்தான் வாங்குவார். தரையில் சிந்திய டீயையும் கருப்பட்டித் தண்ணீரையும் அப்போதே கழுவி விடுங்கள். அரை மணி நேரம் விட்டால் எறும்பு சாரை சாரையாக வந்து சேரும், ஏழு மணிக்கு வெறுங்காலோடு கோயிலுக்கு வருகிறவர்கள் அதைத்தான் முதலில் மிதிப்பார்கள்.